வஞ்சத்துக்கும் விகடத்துக்கும் நடுவே

ஓடுகிற ரயிலில் பயணச்சீட்டு பரிசோதிப்பது அவர் வேலை. அதற்கு வேண்டிய கண்டிப்பு அவரிடம் அறவே கிடையாது. சீட்டு இல்லாமல் ஏறியவர் முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டால் போதும், இவர் முகம் அதைவிடத் தொங்கிவிடும். "சரி சரி, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருமுறை ஒரு கல்யாண கோஷ்டியில் பாதிப்பேருக்குச் சீட்டு இல்லை. எந்தப் பாதி என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

தப்பித்தவறி அவருக்குள் இருந்த கண்டிப்பையெல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைத்திருந்தார். ஞாயிறு காலை, பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கும் தண்ணீர் வடிகட்டிக்கும் நடுவில் ஒரு நீள மேஜையில் எழுத்துமாற்று மன்றம் கூடும். அதற்கு அவர்தான் நடுவர். ஆறு நாள் ஆட்களை விட்டுவிடுகிறவர், ஏழாம் நாள் ஒரு சொல்லைக்கூட விடமாட்டார்.

மன்றத்தின் ஆட்டம் எளிது. ஒரு டப்பாவில் சீட்டுகள் இருக்கும். நூலகர் ஒன்றை எடுத்து வாசிப்பார். அதில் உள்ள சொல்லின் எழுத்துகளை, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் இடம் மாற்றி வேறொரு சொல்லாக்க வேண்டும். 'பயணம்' என்றால் 'பணயம்'. 'கதவு' என்றால் 'தகவு'. முதல்நாள் வருகிற எல்லோரும் 'நகரம்' என்றதும் 'நரகம்' என்று கத்திவிட்டு, உலகத்தில் தாங்கள்தான் அதை முதலில் கண்டுபிடித்ததுபோல் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். மற்றவர்கள் மரியாதைக்குக் கொஞ்சம் வியந்து வைப்பார்கள்.

கால், கொம்பு, புள்ளி எல்லாம் அந்தந்த எழுத்துடன் ஒட்டிப் பிறந்தவை, பிரிக்கக் கூடாது என்பது விதி. கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிற உறுப்பினர் ஒருவருக்கு இது தெரியாது. 'பாலம்' என்ற சொல்லைப் போட்டால் எல்லா மாற்றுகளையும் தானே கக்கும்படி ஒரு நிரல் எழுதிக்கொண்டு பெருமையாக வந்தார். அது 'லாபம்' என்று கக்கியது.

"சார், லாபம்! அகராதியிலேயே இருக்கு, பாருங்க."

"இருக்கட்டுமே. பா-வோட காலை உடைச்சு ல-வுக்கு மாட்டியிருக்கீங்க. இது எழுத்துமாற்று மன்றம். எலும்பு வைத்தியசாலை இல்லை" என்றார் நடுவர்.

அந்த நிரல் மேலும் சில சொற்களைக் கக்கியிருந்தது. அவற்றில் ஒரு கால் துணையில்லாமல் முன்னால் நின்றது, ஒரு புள்ளி யார் தலையிலும் இல்லாமல் மிதந்தது. மன்றத்தார் அந்தத் தாளைப் பிற்பாடு வெகுநாள் வைத்துச் சிரித்தார்கள்.

எழுத்தைக் கலைப்பது யாராலும் முடிகிற காரியம். வந்தது சொல்லா, வெறும் சத்தமா என்று தீர்ப்பதில்தான் நட்பு உடையும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் சொன்ன சொல்லில் எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் கையைத் தூக்கலாம். தூக்கினால் நடுவர் அகராதியைத் திறப்பார். சொல் இருந்தால் பொருளை வாய்விட்டு வாசிப்பார், புள்ளி சொன்னவருக்கு. இல்லையென்றால் அகராதியை மூடிவிட்டு "சீட்டு இல்லை" என்பார். யாரும் கையைத் தூக்காவிட்டால் சொல் தானாகச் செல்லும். மன்றத்துக்கு ஒரே அகராதி, அதை நடுவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. மன்றம் தொடங்கிய நாளில், கடையில் அட்டை நசுங்கிக் கிடந்ததைப் பாதி விலைக்குக் கேட்டு அவரே வாங்கி வந்தது. மேல்மாடியில் பெரிய பெரிய அகராதிகள் அலமாரி நிறைய இருந்தன. "நாலு அகராதி வெச்சா நாலு தீர்ப்பு வரும்" என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் வளர்ந்தது. 'வ' வரிசைச் சொல் என்றால் மன்றத்தில் ராசியில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. 'பவனம்' என்ற சீட்டுக்கு ஒருவர் 'வபனம்' என்றார், மொட்டையடித்தல் என்று பொருளும் சொன்னார். கை தூக்கினார்கள், அகராதியில் இல்லை. 'தவனம்' வந்தபோது 'வதனம்' போனது. அதன்பின் எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது. எதிராளி வாயைத் திறந்து 'வ' என்றாலே கையைத் தூக்கு, சொல் எதுவானாலும் விழும். 'தவம்' என்ற சீட்டுக்கு வந்த 'வதம்' விழுந்தபோது மட்டும் சின்ன முணுமுணுப்பு எழுந்தது.

"வதம் கூடவா இல்லை? நேத்துதான் ஒரு கதையில படிச்சேன்" என்றார் ஒருவர்.

"இது சுருக்க அகராதி. எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லுன்னு விட்டிருப்பாங்க" என்றார் நடுவர்.

படித்தவர்கள் நிறைந்த அந்த மேஜையில் இந்த விளக்கம் எடுபட்டது. தெரியாத சொல்லுக்குத்தானே அகராதி என்று ஒருவர் தலையையும் ஆட்டினார். அப்படிப் பார்த்தால் அந்த அகராதியில் முக்கால்வாசி இருக்கக்கூடாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மேலே சொன்ன வபனமும் வதனமும் வதமும் சொன்னவர் ஒரே ஆள்தான். நடுவரின் மனைவி.

அந்த அம்மாள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்தார். வலியோடு வருகிறவர்களின் பெயரைக் கேட்டு உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெயர்களைக் கலைத்து வேறு பெயராக்கிக்கொண்டிருப்பார். மன்றத்தில் அவரளவுக்கு வேகம் யாருக்கும் இல்லை. ஆனாலும் வருஷாவருஷம் மன்றம் கொடுக்கிற கோப்பை ஒருமுறைகூட அவருக்குக் கிடைத்ததில்லை. இறுதிச்சுற்றில் எப்படியோ ஒரு வ-சொல் அவர் வாயில் வந்துவிடும். கோப்பை போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவருடைய முதலாளியான பல் டாக்டர் வீட்டில்தான் இருந்தது. வீட்டில்கூட இல்லை, மருத்துவமனை வரவேற்பறையில், அந்த அம்மாளின் தலைக்குமேல் இருந்த பலகையில். தினமும் அதைத் துடைத்து வைப்பதும் அவர் வேலை.

இந்த வருஷ இறுதிச்சுற்றுக்குக் கிளம்பும்போது, கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டே அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"இதோ பாருங்க. இன்னிக்கும் கெடைக்கலைன்னா மேல்மாடிக்குப் போயிடுவேன்."

கோட்டை மாட்டிக்கொண்டிருந்த நடுவர் பாதியில் நின்றார். நூலக மேல்மாடியில் அதே நேரத்தில் குறுக்கெழுத்துக்காரர்கள் கூடுவார்கள்.

"மேல்மாடியா? அங்க யாரும் யாரோடையும் பேசமாட்டாங்களே. குனிஞ்ச தலை நிமிராம கட்டம் ரொப்பிக்கிட்டு..."

"பேச்சா முக்கியம்? அங்க நடுவர் கெடையாதாம்."

நடுவருக்கு வாரத்தில் ஆறு நாள் ரயில். வீட்டுக்கு வந்தால் மனைவி தூங்கியிருப்பார், மனைவி எழுந்தால் இவர் கிளம்பியிருப்பார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அந்த நீள மேஜையில்தான். மனைவியின் சொல்லை அடிக்கவாவது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது. ஆனாலும், "நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இருந்தா இருக்கு, இல்லைன்னா இல்லை" என்றுதான் சொன்னார். கோட்டுப் பொத்தானை மட்டும் தப்பான ஓட்டையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இறுதிச்சுற்றுக்கு வந்தவர்கள் எதிர்பார்த்தபடி டாக்டரும் அந்த அம்மாளும்தான். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். கோப்பையை டாக்டர் கையோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். திரும்ப எடுத்துப்போகத் தோதாகப் பையையும் மடித்துப் பக்கத்திலேயே வைத்தார்.

"அக்கா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார் டாக்டர்.

"எதுக்கு டாக்டர் வெச்சுக்கணும்? நான் துடைச்ச கோப்பைதானே" என்றார் அம்மாள்.

ஆட்டம் இழுபறியாகப் போய்ச் சமத்தில் நின்றது. விதிப்படி கடைசியாக ஒரே சீட்டு, ஆளுக்கு ஒரே வாய்ப்பு. யார் சொல் நிற்கிறதோ அவருக்குக் கோப்பை. இருவர் சொல்லும் விழுந்தால் கோப்பை இருந்த இடத்திலேயே, அதாவது டாக்டரிடமே இருக்கும்.

நூலகர் டப்பாவுக்குள் கையைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார்.

"வாகனம்."

நான்கே எழுத்து: வா, க, ன, ம். 'ம்' முன்னால் நிற்காது, 'ன' சொல்லைத் தொடங்காது. முன்னால் நிற்கக்கூடியவை வா, க இரண்டுதான். 'ம்'மைக் கடைசியில் கட்டிப்போட்டால் மிஞ்சுவது வாகனம், வானகம், கவானம், கனவாம் என்று நாலே நாலு. முதலாவது சீட்டிலேயே இருக்கிறது. மூன்றாவது எந்த மொழியிலும் ஒன்றுமில்லை. ஆக, ஒரு பக்கம் ராசியில்லாத 'வா', மறுபக்கம் 'கனவாம்'.

டாக்டர் பாதுகாப்பான பக்கம் போனார். மேஜையைத் தட்டி, "கனவாம்!" என்றார்.

அம்மாள் கையைத் தூக்கினார். நடுவர் அகராதியைத் திறந்து விரலை ஓட்டினார்.

"கனவு இருக்கு. கனவாம் இல்லை."

"அதெப்படி சார்? அவர் கண்டது வெறும் கனவாம்னு சொல்றதில்லையா? பேச்சுல தினமும் வருதே!"

"வரும் டாக்டர். ஆனா ஒருத்தர் சீட்டுல ரெண்டு பேர் வர்றாங்க. கனவு ஒருத்தர், ஆம் இன்னொருத்தர். சீட்டு இல்லை."

டாக்டர் வருத்தப்படவில்லை. எதிரில் மிச்சமிருப்பது 'வா'தான் என்று அவருக்குத் தெரியும். கையைத் தூக்கத் தயாராக முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார்.

அந்த அம்மாள் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைப்பதுபோல், "வா-ன-கம்" என்றார்.

'கம்' முடிவதற்குள் டாக்டரின் கை மேலே இருந்தது.

நடுவர் புரட்டினார். புரட்டும்போதே அவருக்குள் ஏதோ கெஞ்சியது என்பதை அவர் காதுகள் சிவந்ததில் பார்க்க முடிந்தது. ஒரு பக்கத்தின் அடியில் 'வஞ்சம்' இருந்தது. தாளைத் திருப்பினால் 'விகடம்'. திரும்ப வந்தார். வஞ்சம். மறுபடி போனார். விகடம். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை.

"சீட்டு..." என்றார். அகராதியை மூடினார். "சீட்டு இல்லை."

டாக்டர் கோப்பையின் காதைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அம்மாள். எழுந்திருக்கக்கூட இல்லை. "நடுவர் அவர்களே, வாகனம் இருக்கான்னு பாருங்க."

"அது கொடுத்த சொல்லும்மா. அதை யாரும் சந்தேகப்படலையே."

"நான் சந்தேகப்படறேன். இதோ கையைத் தூக்கிட்டேன்."

கொடுத்த சொல்லைச் சந்தேகிக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, யாருக்கும் அப்படியொரு யோசனை வராததால். நடுவர் பார்த்தார். வஞ்சம், விகடம். வஞ்சம், விகடம்.

"இல்லை" என்றார் மெதுவாக.

"ரொம்ப நல்லது. அப்ப டாக்டர் எதுல ஏறி வந்தாருன்னு கேளுங்க" என்றார் அம்மாள்.

நின்றவர்களில் ஒருவர் பயந்த குரலில், "வாசல் இருக்கா பாருங்க சார்" என்றார். வாசல் இல்லை. இன்னொருவர், "வாடகை?" என்றார். இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நொடி நிம்மதி தெரிந்தது. "வாழ்க்கை?" அதுவும் இல்லை. "வயிறு?" இல்லை. ஆட்டம் சூடு பிடித்துவிட்டது, ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள்.

"வாய் இருக்கா சார்?" என்றார் கணினிக் கம்பெனிக்காரர்.

"வாய் இல்லை."

கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். "என்னது?"

"வாய் இல்லை டாக்டர்."

"வாய் இல்லைன்னா நான் எங்கேர்ந்து சார் பல்லைப் புடுங்கறேன்?"

"எனக்கெப்படித் தெரியும்? அகராதியில இல்லை."

"சரி, வலி? வலி இருக்கா பாருங்க!"

நடுவர் பார்த்தார். "வலியும் இல்லை."

"வலியும் இல்லை, வாயும் இல்லைன்னா நான் கிளினிக்கைத் தொறந்து வெச்சு ஈயா ஓட்டறேன்?" டாக்டருக்குக் குரல் உச்சத்துக்குப் போயிற்று. "எட்டு வருஷம் படிச்சிருக்கேன் சார் அந்த வாயை! இந்தப் புஸ்தகத்துல என்னமோ கோளாறு இருக்கு. குடுங்க இப்படி!"

"தொடக்கூடாது" என்றார் நடுவர் பழக்கதோஷத்தில்.

நூலகர் மட்டும் நடுவரின் கைகளுக்குள் இருந்த புத்தகத்தின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பார்த்தால் அட்டைக்குமுன் முதுகைப் பார்ப்பவர் அவர். "சார், பக்க எண்ணைக் கொஞ்சம் சொல்லுங்களேன். வஞ்சம் எந்தப் பக்கம்? விகடம் எந்தப் பக்கம்?"

நடுவர் பக்க எண்ணைப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ரயிலில் இருக்கை எண்ணை ஆயிரம் தடவை சரிபார்க்கிற மனிதர், அந்த அகராதியின் அடியில் எண்கள் இருப்பதையே அன்றுதான் கவனித்தார். வஞ்சத்திலிருந்து விகடத்துக்கு எண் ஒரு பெரிய தாவல் தாவியிருந்தது. நூலகர் முன்பக்கமாகப் புரட்டச் சொன்னார். அங்கே 'மோதிரம்' முதல் 'வஞ்சம்' வரை சேர்த்துத் தைத்த ஒரு பக்கக் கட்டு இருந்தது. அதற்கு முன்னால் அதே மோதிரம் முதல் அதே வஞ்சம் வரை இன்னொரு கட்டு.

"தைக்கறப்ப ஒரு கட்டை ரெண்டு தடவை வெச்சுட்டாங்க. வைக்கவேண்டிய கட்டை விட்டுட்டாங்க. அதான் பாதி விலை" என்றார் நூலகர்.

இத்தனை வருஷமாகத் தங்கள் மன்றத்தில் யாருக்கும் வாயோ வயிறோ இல்லாமல் இருந்திருக்கிறது என்பதை எல்லோரும் மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் டாக்டருக்கு நிலைமை புரிந்தது. விட்டுப்போன கட்டு வந்தால் வாய் வரும், வலி வரும். கூடவே வானகமும் வரும். வரவேண்டாம் என்றால் கோப்பை மிஞ்சும், தொழில் மிஞ்சாது. அவர் பையைப் பார்த்தார், அகராதியைப் பார்த்தார்.

"சார், இல்லைன்னா இல்லைங்கறதுதானே உங்க கொள்கை?" என்று கேட்டுப் பார்த்தார். குரலில் தெம்பில்லை.

நடுவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மன்றத்தில் எப்போதும் வராத ரயில்வே குரல் அவருக்கு அப்போது வந்தது.

"டாக்டர், சில ஸ்டேஷன்ல டிக்கெட் ஜன்னலே மூடியிருக்கும். அங்க ஏறினவங்ககிட்ட டிக்கெட் இருக்காது. அவங்களை நாங்க எறக்கி விடறதில்லை. அபராதமும் போடறதில்லை. வண்டியிலயே சீட்டு எழுதிக் குடுத்துடுவோம். வ-ங்கற ஸ்டேஷன்ல ஜன்னல் மூடியிருந்திருக்கு. அது ஏறினவங்க குத்தம் இல்லை."

"அப்ப வானகம் செல்லுமா?" என்றார் டாக்டர்.

"அதெப்படி? ஜன்னல் மூடியிருந்துச்சுன்னு சொல்ற எல்லாரும் அந்த ஸ்டேஷன்ல ஏறினவங்களா? விசாரிக்கணும்." நூலகரிடம் திரும்பினார். "மேல்மாடிப் பெரிய அகராதி. வ போட்டது. கொண்டு வாங்க."

ஓடுகிற ரயிலில் ஒருவரையும் விசாரிக்காதவர் இதைச் சொன்னார். 'மேல்மாடி' என்று சொல்லும்போது மட்டும் மனைவியின் பக்கம் பார்க்கவில்லை.

நூலகர் ஒரு தடித்த தொகுதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். பின்னாலேயே குறுக்கெழுத்துக்காரர்கள் இரண்டு பேர், கீழே என்ன கலவரம் என்று பார்க்க வந்து நின்றார்கள். நடுவர் புரட்டினார். வஞ்சம் வந்தது, போயிற்று. அதற்கப்புறம் வட்டமும் வண்டியும் வதமும் வதனமும் வபனமும் வயிறும் வலியும் திமுதிமுவென்று வந்தன. டாக்டர் எட்டிப் பார்த்து, "வாய் இருக்கு" என்றார், தொலைந்த பிள்ளையைக் கண்டதுபோல். அவர் கை தானாகவே பையிலிருந்து கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தது.

நடுவரின் விரல் இன்னும் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. விதிப்படி பொருளை வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

"வானகம்" என்றார். இருமினார். "ஆகாயம். விண்ணுலகம்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். டாக்டரும் தட்டினார், ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தொடையில். அந்த அம்மாள் மட்டும் தட்டவில்லை, கோப்பையையும் தொடவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா காதுல விழலை. இன்னொரு தடவை வாசிங்க" என்றார்.

"ஆகாயம். விண்ணுலகம்."

"வதனத்துக்கு என்ன போட்டிருக்கு?"

"அதெல்லாம் முடிஞ்சுபோன ஆட்டம்மா. திரும்ப எடுக்க முடியாது."

"புள்ளி கேட்டேனா? வாசிக்கத்தானே சொன்னேன்."

நடுவர் பக்கங்களைப் பின்னால் புரட்டி, வதனத்தைக் கண்டுபிடித்து, "முகம்" என்று வாசித்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்து அதைப் பார்த்தார்.

"வதம்?"

"கொல்லுதல்."

"வபனம்?"

"மொட்டையடித்தல்."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னே."

மேல்மாடிக்காரர்களில் ஒருவர் நூலகரின் காதருகே, இங்கே எப்போதும் இவ்வளவு பேச்சு உண்டா என்று கேட்டார். அந்த அம்மாள் நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த சொல்லுக்கும் பொருள் கேட்டார்.